வெறும் இன்ஜங்ஷன் போட்டு மூன்று வருஷம் ஆச்சு, இப்போ விளம்புகையும் கேட்கணுமா? (காங்கயம் பக்கம், 30 சென்ட்)

கொறங்காட்டுக்காரன்

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதுகிறேன், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1968-ல் அவர் பேரில் கிரயம் வாங்கிய பூமி, ஒரே எஸ்.எஃப். நெம்பரில் புஞ்சை ஏக்கர் 2.40. அவர் 1979-ல் தவறிவிட்டார், உயில் எதுவும் இல்லை. 1984-ல் எங்க அப்பாவும் பெரியப்பாவும் ஒரு கூர்சீட்டு எழுதிப் பிரித்துக்கொண்டார்கள். மேற்கே பாதி எங்களுக்கு, கிழக்கே பாதி அவர்களுக்கு. நடுவில் கிளுவை வேலி. கூர்சீட்டு ரிஜிஸ்தர் ஆகவில்லை.

அப்புறம் அரசாங்கம் நிலக் கணக்கைப் புதுப்பித்த யூடிஆரில் உட்பிரிவு செய்தபோது எங்க பேருக்கு 0.36.5 ஹெக்டேர், பெரியப்பா பேருக்கு 0.60.5 ஹெக்டேர் என்று ஏறிவிட்டது. கணக்குப் போட்டால் எங்களுக்கு 90 சென்ட், அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர். முப்பது வருஷமா இதை யாரும் பார்க்கவே இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை. 2022 பிப்ரவரியில் பெரியப்பா மகன் (எனக்கு அண்ணன் முறை) சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து, வேலிக்கு இந்தப் பக்கம் எங்க காட்டுக்குள் கல் நட்டுவிட்டார். அந்த 30 சென்டில்தான் எங்க போரும் இரண்டு புளிய மரமும் இருக்கிறது.

நோட்டீஸ் விட்டோம், பதில் வந்தது. ஏப்ரல் 2022-ல் முன்சீப் கோர்ட்டில் இன்ஜங்ஷன் கேட்டு வழக்குப் போட்டோம். இப்போதுள்ள நிலைமையே தொடரட்டும் என்று உத்தரவு இருக்கிறது. அண்ணன் 2022 ஆகஸ்ட் 11-ல் எதிருரை போட்டார். கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை எழுவினாவாக வனைந்தாச்சு, அடுத்து எங்க சாட்சி. வக்கீல் மாறினோம். புது வக்கீல் ஃபைலைப் பார்த்ததும் "ஏனுங்க, பூமி உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகை கேட்கவே இல்லையே" என்கிறார். பூமி எங்க கையில்தானே இருக்கிறது, எதற்கு அது? செலவு வைக்கப் பார்க்கிறாரா?

சங்கிலி72

நான் சர்வே துறையில் 28 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். நேராகச் சொல்கிறேன், கோவிக்கக்கூடாது. எஃப்.எம்.பி. அளவு வரைபடம் எப்படியோ அப்படித்தான் கல் விழும். வேலி நகரும், கல் நகராது. பட்டா அவர் பேரில் இருக்கும்போது சிவில் கோர்ட் என்ன செய்யும்? நீங்கள் போக வேண்டியது டி.ஆர்.ஓ.விடம், யூடிஆர் தவறு என்று மனுப் போட்டுத் திருத்த வேண்டும். இன்னொன்று, விளம்புகைக்கு மூன்று வருஷம்தான் கெடு. யூடிஆர் வந்து நாற்பது வருஷம் ஆகப் போகிறது. அது எப்போதோ செத்துவிட்டது.

பொள்ளாச்சித் தோப்பு

எங்களுக்கும் இதே தலைவலிதான். தோப்புக்குப் போகும் இட்டேரியைப் பக்கத்துக்காரர் முள்ளு வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். வெறும் இன்ஜங்ஷன்தான் போட்டோம், ஆறு மாதத்தில் பாதை திறந்தாச்சு. விளம்புகையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீண் செலவு.

பழைய குமாஸ்தா

தாராபுரத்தில் வக்கீல் ஆபீசில் 31 வருஷம் பிராது எழுதியவன் நான். வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பொள்ளாச்சிக்காரரே, உங்களுடையது பாதை வழக்கு. அங்கே மண் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை, நடக்கும் உரிமைதான் கேள்வி. இவருடையது வேறு.

கொறங்காட்டுக்காரரே, உங்கள் புது வக்கீல் சொல்வது சரி. பூமி கையில் இருந்து, எதிராளி சும்மா வேலியைத் தாண்டி வந்து வம்பு செய்கிறார் என்றால் இன்ஜங்ஷன் மட்டும் போதும். ஆனால் எதிராளி ஒரு காகிதத்தைக் காட்டி "இது என் பூமி" என்று சொல்லி, அந்தக் காகிதமும் பார்வைக்கு நியாயமாகத் தெரிந்தால், உங்கள் உரிமை மேல் மேகம் கவிந்துவிட்டது என்பார்கள். அப்போது விளம்புகையும் கேட்டு, அதன் தொடர்ச்சியாக இன்ஜங்ஷன் கேட்க வேண்டும். பூமியே கைவிட்டுப் போயிருந்தால் விளம்புகையோடு சுவாதீனமும் கேட்க வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 2008-ல் அனதுல சுதாகர் வழக்கில் வரிசையாகச் சொல்லிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடாத வக்கீல் இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

உங்கள் அண்ணனிடம் பட்டா இருக்கிறது, அரசாங்க சர்வேயர் நட்ட கல் இருக்கிறது. இது மேகம்தான். இப்படியே சாட்சிக் கூண்டு ஏறினால், கடைசியில் நீதிபதி "உரிமை சிக்கலாக இருக்கிறது, வாதி விளம்புகை கேட்கவில்லை" என்று இரண்டு வரியில் தள்ளுபடி செய்துவிடுவார். நான் எழுதிய பிராதுகளிலேயே அப்படிப் போனது உண்டு.

சர்வே ஐயா சொன்னதில் பாதி சரி. மூன்று வருஷக் கெடு உண்மை, காலவரையறைச் சட்டம் 58-வது இனம். ஆனால் அது யூடிஆரில் பேர் ஏறிய அன்று ஓட ஆரம்பிப்பதில்லை. ரெவின்யூ கணக்கில் தவறாக ஏறியிருக்கிறது என்பதற்காக, பூமியை உழுதுகொண்டிருப்பவன் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அந்தப் பதிவை வைத்து ஒருத்தர் தெளிவாக உங்கள் உரிமையை மறுத்து மிரட்டும் அன்றுதான் ஓட்டம் ஆரம்பம். 2010-ல் தயா சிங் வழக்கில் இதையே சொன்னார்கள்.

அதனால் கணக்கு 2022-லிருந்துதான். எதிருரை தேதி ஆகஸ்ட் 11. இப்போது 2025 ஜூன். இரண்டு மாதம்கூட முழுசா இல்லை. எதிருரையில் அந்த 30 சென்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, கூர்சீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அந்த இரண்டு பாராவையும் அப்படியே எடுத்துப் போடுங்கள்.

சங்கிலி72

பட்டா செல்லாது என்கிறீர்களா?

பழைய குமாஸ்தா

செல்லும் ஐயா, ரெவின்யூ கணக்குக்குச் செல்லும். உரிமை யாருக்கு என்பதற்கு அது மூலப் பத்திரம் ஆகாது. பட்டா பாஸ்புத்தகச் சட்டம் 14-வது பிரிவிலேயே, பட்டாவால் பாதிக்கப்பட்டவர் விளம்புகை வழக்குப் போடலாம், தீர்ப்பு வந்தால் அதற்கேற்ப கணக்கு திருத்தப்படும் என்று வழிவிட்டிருக்கிறார்கள். டி.ஆர்.ஓ.விடம் போனாலும், உரிமைத் தகராறு, சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் பெரும்பாலும் முடியும். வழக்கு நடக்கும்போது கட்டாயம் அப்படித்தான் முடியும்.

கொறங்காட்டுக்காரன்

எதிருரையிலிருந்து:

"1984-ம் வருடம் வாதியின் தகப்பனாருக்கும் இந்தப் பிரதிவாதியின் தகப்பனாருக்கும் பாகம் ஆனது உண்மை. ஆனால் வாதி சொல்வதுபோல் சரிபாதியாக ஆகவில்லை. வாதியின் தகப்பனாருக்கு 90 சென்ட்டும் இந்தப் பிரதிவாதியின் தகப்பனாருக்கு ஏக்கர் 1.50-ம் ஒதுக்கப்பட்டு, அதன்படியே யூடிஆர் பட்டா ஏற்பட்டது. தாவா 30 சென்ட் பூமிக்கு வாதிக்கு யாதொரு உரிமையும் கிடையாது."

கூர்சீட்டு எங்களிடம் இருக்கிறது. ஐந்து ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில், நீல மையில், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எழுதியது. ஒரு ஓரம் கரையான் அரித்திருக்கிறது. அதில் எங்கள் பாகத்துக்கு: "நடுவில் தெற்கு வடக்காக ஓடும் கிளுவை வேலிக்கு மேற்கு, இட்டேரிக்குக் கிழக்கு" என்று சக்குபந்தி. அளவு எழுதவில்லை, "சரி பாதி" என்று மட்டும்.

ஈரோடு வக்கீல்

குமாஸ்தா ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த எதிருரை உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது. 1984 பாகத்தை அவரே ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆக, உங்கள் இருவருக்கும் நடுவில் கேள்வி பாகம் ஆனதா என்பது இல்லை, கோடு எங்கே என்பதுதான்.

அந்தக் கோட்டுக்கு உங்களிடம் சக்குபந்தி இருக்கிறது. அளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும். கூர்சீட்டில் வேலி என்றிருந்தால், அந்த வேலி 1984-ல் இருந்த அதே வேலிதான் என்று காட்ட வேண்டும்.

கூர்சீட்டைத் தாக்கல் செய்யும்போது ஒன்று கவனியுங்கள். "இன்று முதல் அவரவர் பாகத்தை அடைந்துகொள்ள வேண்டியது" என்று இருந்தால் அந்தக் காகிதமே பாகம் செய்கிறது, ரிஜிஸ்தர் ஆகியிருக்க வேண்டும், உரிமைக்குச் சான்றாக எடுக்க மாட்டார்கள். "முன்னமே பிரித்துக்கொண்டபடி" என்று இருந்தால் அது நடந்ததைக் குறித்து வைத்த சீட்டு, ரிஜிஸ்தர் தேவையில்லை. முதல் வகையாக இருந்தாலும், முத்திரைத் தீர்வையும் தண்டமும் கட்டினால், யார் எந்தப் பக்கம் எப்படி அனுபவித்தார்கள் என்பதைக் காட்டும் அளவுக்குப் பயன்படுத்தலாம். எந்த வாசகம்?

கொறங்காட்டுக்காரன்

"நாம் போன தை மாதம் பெரியவர்கள் முன்னிலையில் பாகம் செய்துகொண்டு அனுபவித்து வருகிறபடி" என்று ஆரம்பிக்கிறது.

ஈரோடு வக்கீல்

அந்தப் பெரியவர் வாழ்க.

பொள்ளாச்சித் தோப்பு

கமிஷனர் போடுங்க. வக்கீல் கமிஷனர் வந்து பார்த்து, பூமி யார் அனுபவத்தில் இருக்கு என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டால் கேஸ் முடிந்தது.

பழைய குமாஸ்தா

அப்படி மனு எழுதினால் அன்றே தள்ளுபடி ஆகும். அனுபவம் யாருக்கு என்று கண்டுபிடித்துச் சொல்வது கமிஷனர் வேலை இல்லை, அது சாட்சியம் வைத்துக் கோர்ட் முடிவு செய்வது. கமிஷனர் கண்ணில் தெரிவதைத்தான் எழுதலாம். ஆகவே மனுவை இப்படி எழுதச் சொல்லுங்கள்: தாலுகா சர்வேயர் உதவியோடு முழு எஸ்.எஃப். நெம்பரையும் அளந்து, கிளுவை வேலி எந்த இடத்தில் ஓடுகிறது, புதிதாக நட்ட கல் எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எத்தனை சென்ட், அதில் போர், மரம், வரப்பு என்ன இருக்கிறது, இவற்றை வரைபடத்தோடு காட்ட வேண்டும்.

வேலியின் வயதை கமிஷனர் எழுதும்படி நீங்கள் கூடவே இருந்து காட்டுங்கள். கொறங்காட்டுக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் நட்ட கிளுவை வேறு, நாற்பது வருஷக் கிளுவை வேறு. அடி பருத்து, பழைய வெட்டுக் காயம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இருக்கும். வேலியின் இரண்டு பக்கமும் மண் மட்டம் வித்தியாசப்பட்டிருக்கும். அதை அளந்து எழுதச் சொல்லலாம். நான் பார்த்த ஒரு கேஸில் வேலியின் இரு பக்க மண் மட்டத்துக்கும் முக்கால் அடி வித்தியாசம் இருந்தது. புது வேலி என்று சொன்ன எதிர்த்தரப்பு அதற்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போருக்குக் கரண்ட் சர்வீஸ் யார் பேரில்?

கொறங்காட்டுக்காரன்

அப்பா பேரில், விவசாய சர்வீஸ், 1991. அட்டை இருக்கிறது.

பழைய குமாஸ்தா

அதைப் பத்திரமாக வையுங்கள். தாவா 30 சென்டுக்குள் 1991-லிருந்து உங்கள் அப்பா பேரில் சர்வீஸ் இருக்கிறது என்பது கிஸ்தி ரசீதைவிடப் பெரிது. ரசீது பட்டா நெம்பருக்குத்தான் பேசும், கரண்டுக் கம்பம் இடத்துக்குப் பேசும்.

செலவு வைக்கப் பார்க்கிறாரா என்று கேட்டீர்கள். அந்த 30 சென்டின் சந்தை மதிப்பு 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்புகையும் தொடர்ச்சியாக இன்ஜங்ஷனும் என்றால் மதிப்பில் பாதிக்கு, அதாவது நாலரை லட்சத்துக்குக் கட்டணம். இப்போது 3 சதவீதம், ரூ.13,500. 2017-க்கு முன் ஏழரை சதவீதம் இருந்தது. பூமியை விட்டுவிட்டு அப்புறம் சுவாதீனம் கேட்கப் போனால் முழு 9 லட்சத்துக்கு, ரூ.27,000. ஏற்கெனவே கட்டியது கழியும். 1.20 முழுவதுக்கும் கேட்க வேண்டாம், தகராறு 30 சென்டில்தான். வரைபடத்தில் அதைத் தனியாக எழுத்துப் போட்டுக் குறித்துக் கேட்டால் போதும்.

கோபி அத்தை

எல்லாரும் வேலி, கல் என்று பேசுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி. தம்பிக்கு அத்தைகள் உண்டா?

கொறங்காட்டுக்காரன்

இருக்கிறார்கள் அக்கா, இரண்டு பேர். பெரிய அத்தையை வெள்ளகோவில் பக்கம், சின்ன அத்தையை மூலனூர் பக்கம் கட்டிக்கொடுத்தது. ஆனால் இதில் அவர்களுக்குச் சம்பந்தம் இல்லையே. 1984-லும் அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. சீர் எல்லாம் குறையில்லாமல் செய்திருக்கிறது.

சங்கிலி72

பெண்களுக்குப் பங்கு 1989 மார்ச் 25-க்கு அப்புறம்தான். அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. அந்த விஷயத்தில் தம்பி நிம்மதியாக இருக்கலாம்.

பழைய குமாஸ்தா

அம்மா கேட்டது சரியான கேள்வி. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

சர்வே ஐயா, நீங்கள் சொல்லும் 1989 சட்டம் பரம்பரைப் பூமிக்கு, அந்த விதியும் 2005-ல் மாறிவிட்டது. அதில் பிறப்பாலேயே பங்கு வருவது பற்றியது. இது அப்பாரு தன் பேரில் கிரயம் வாங்கியது. கூட்டுக் குடும்ப வருமானத்தில் வாங்கியது என்று யாரும் நிரூபிக்காதவரை அது அவருடைய சுயார்ஜிதம். உயில் இல்லாமல் 1979-ல் இறந்திருக்கிறார். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்ற பேச்சே அதில் இல்லை.

அப்பாரு சம்சாரம், உங்கள் ஆத்தா, அப்போது உயிரோடு இருந்தாரா?

கொறங்காட்டுக்காரன்

இருந்தார். 1996-ல்தான் தவறினார். உயில் இல்லை.

பழைய குமாஸ்தா

அப்படியானால் 1979-ல் ஐந்து பங்கு. ஆத்தாவுக்குப் பிறகு அவர் பங்கும் நாலு பிள்ளைகளுக்கும் போய், ஆளுக்கு நாலில் ஒன்று. 2.40-ல் ஒருவருக்கு 60 சென்ட். உங்கள் அப்பாவுக்குச் சட்டப்படி வந்தது 60 சென்ட்தான் தம்பி, 1.20 இல்லை. பெரியப்பாவுக்கும் அதே 60 சென்ட். மிச்சம் 1.20 அத்தைகளுடையது. 1984-ல் இரண்டு ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதிய சீட்டு அவர்களைக் கட்டாது.

விளம்புகை வழக்கில் வாதிதான் தன் உரிமையை நிரூபிக்க வேண்டும். எதிராளியின் பலவீனத்தில் ஜெயிக்க முடியாது. உங்கள் அண்ணனும் இதே ஓட்டைப் படகில்தான் இருக்கிறார், அதனால் எதிருரையில் இதைத் தொடவில்லை. ஆனால் அவர் வக்கீல் குறுக்கு விசாரணையில் "உங்கள் அப்பாருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்று நிற்கும், இது பாக வழக்காகத்தான் வர வேண்டும் என்று திரும்பவும் வாய்ப்பு உண்டு.

கோபி அத்தை

எங்கள் வீட்டில் நான்தான் அந்த அத்தை. அண்ணன் மகன் கோர்ட்டில் நான்கு வருஷம் நடந்த அப்புறம் ஒரு நாள் காலையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு "சும்மா ஒரு கையெழுத்து அத்தை" என்றான். நான் போகவில்லை. பூமி வேண்டும் என்று இல்லை. நான்கு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான். முதலிலேயே வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். சீர் செய்ததைச் சொல்லிக் காட்டிக்கொண்டு போகாதே தம்பி.

ஈரோடு வக்கீல்

விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்துகொள்வது சுத்தமான வழி. யாருக்கு விடுதலை என்பதைத் தெளிவாக எழுதுங்கள், மேற்குப் பாதி சம்பந்தமாக உங்களுக்கு என்று. பொதுவாக "சகோதரர்களுக்கு" என்று எழுதினால் அண்ணனுக்கும் போகும்.

ஆனால் அதற்காகத் திருத்த மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். அத்தைகளைப் பிரதிவாதிகளாகச் சேர்த்து இப்போதே மனுப் போடலாம். அவர்கள் வந்து ஆட்சேபம் இல்லை என்று எதிருரை போட்டாலும் உதவும்.

இன்னொரு விஷயம். சாட்சி விசாரணை தொடங்கியபின் திருத்தம் கேட்டால், முன்னமே ஏன் கேட்கவில்லை என்று காரணம் காட்ட வேண்டும். உங்கள் பிரமாண சாட்சியம் இன்னும் தாக்கல் ஆகவில்லை என்றால் அதற்கு முன்பே மனு போய்விட வேண்டும். அதோடு அந்த நோட்டீஸ் பதில் என்ன தேதி, என்ன வாசகம்?

கொறங்காட்டுக்காரன்

பிரமாணப் பத்திரம் தயாராகிக்கொண்டிருக்கிறது, நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பதில் நோட்டீஸ் 2022 மார்ச் 28. "எமது கட்சிக்காரர் தமது பட்டாப்படி உள்ள பூமியை முறைப்படி அளந்து கல் நட்டுள்ளார். அதில் தலையிட உமது கட்சிக்காரருக்கு உரிமை இல்லை" என்று இருக்கிறது.

ஈரோடு வக்கீல்

இதுதான் எனக்குப் பயம். உரிமை மறுப்பு மார்ச் 28-லேயே வந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும். 58-வது இனத்தில் "முதன்முதலாக" என்ற சொல் இருக்கிறது. திரும்பத் திரும்ப மறுத்தால் கெடு புதிதாக ஆரம்பிக்காது என்று 2011-ல் காத்ரி ஹோட்டல்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எடுத்தால் மூன்று வருஷம் இந்த மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.

பழைய குமாஸ்தா

நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தப் பதிலில் 30 சென்ட் என்ற பேச்சே இல்லை. தன் பட்டா பூமியை அளந்தேன் என்கிறார், அவ்வளவுதான். வேலிக்கு மேற்கே உள்ள இந்த இடம் உன்னுடையது இல்லை என்று தெளிவாகச் சொன்னது எதிருரையில்தான். அதோடு சம்பத்குமார் அய்யாக்கண்ணு வழக்கைப் பாருங்கள். நம்ம தமிழ்நாட்டுக் கேஸ். இன்ஜங்ஷன் வழக்குப் போட்டு 11 வருஷம் கழித்து விளம்புகையும் சுவாதீனமும் சேர்க்க மனு, 2002-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

ஈரோடு வக்கீல்

அனுமதித்தது, ஆனால் அந்தக் கோரிக்கை மனுப் போட்ட தேதியில்தான் எழுந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அங்கே சுவாதீனம் போயிருந்தது, அதற்குப் பன்னிரண்டு வருஷம். இங்கே பூமி இவர் கையிலேயே இருப்பதால் மூன்று வருஷம்தான். கையில் இருப்பவனுக்குக் கெடு குறைவு, விட்டவனுக்கு அதிகம். கேட்கக் கோணலாகத்தான் இருக்கிறது.

பழைய குமாஸ்தா

கோணல்தான். ஆனால் கெடு முடிந்ததா இல்லையா என்பதே வாதத்துக்கு உரியதாக இருக்கும்போது, திருத்தத்தை அனுமதித்துவிட்டு அதை ஒரு எழுவினாவாக வைத்துக் கடைசியில் பார்ப்பதும் உண்டு. ஆகஸ்ட் 11-க்குள் போட்டால் அந்தக் கதவாவது திறந்திருக்கும். தாண்டினால் நான் சொல்ல ஒன்றும் இருக்காது.

கொறங்காட்டுக்காரன்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். திருத்த மனு நேற்று தாக்கல் ஆனது. கமிஷனர் மனுவும் கூடவே. அத்தைகள் இருவரையும் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறது.

மனுவுக்கு முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்கும் போனேன். சீர் பேச்சை எடுக்கவில்லை. பெரிய அத்தை கூர்சீட்டை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அன்னைக்கு நான் அங்கதான்டா இருந்தேன், எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்" என்றார். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சின்ன அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான், ஆடி பிறக்கப் போகிறது, ஆவணியில் பார்க்கலாம் என்றார். அண்ணனும் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது.

கோபி அத்தை

ஆவணி வரைக்கும் இருக்காதே. ஆடிப் பதினெட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா. வக்கீலைக் கூட்டிப் போகாதே.

சங்கிலி72

கமிஷன் அளக்கும் நாளைச் சொல்லுங்கள் தம்பி. வேலியை எஃப்.எம்.பி. மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றால் எந்தக் கல்லிலிருந்து சங்கிலி பிடிப்பது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். நான் தூரத்தில் நின்று பார்க்கிறேன், பேச மாட்டேன்.